ஒரு மாத ஃபிரீஸ் நாலாயிரம் ரூபாய் ஆன கதை: ஜிம் படிவத்தின் பின்பக்கம்

கிளிநொச்சியில் என் சித்தியின் மகன் ஜிம்மை விட்டு விலகப் போனபோது, அவன் கட்டிய 36,000 ரூபாயில் அவனுக்குத் திரும்பி வரும் தொகை 400 ரூபாய் என்று கவுண்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவன் கையிலோ இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்தது. எங்கேயோ கூட்டல் பிழை என்று நினைத்துத்தான் படிவத்தை என்னிடம் கொண்டு வந்தான், நான் சிறிய கடைகளுக்கும் நிலையங்களுக்கும் கணக்கு எழுதுகிற ஆள் என்பதால். உட்கார்ந்து பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள நான்கு விதிகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதுதான் அங்கே விசயம். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வன்னியில் அநேகமான ஜிம்களில் இன்னும் மாதா மாதம் காசு கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குகிற முறைதான், அதில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வருட அங்கத்துவம், வங்கி அட்டையில் தானாகக் காசு எடுப்பது, ஃபிரீஸ் என்றெல்லாம் அச்சடித்த படிவம் வைத்திருக்கும் இடங்கள் இப்போது நம்மூர்ப் பக்கமும் வந்துவிட்டன. அந்தப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, எங்கோ ஒரு பெரிய நகரத்து ஜிம்மின் படிவத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது போல. கையெழுத்து வைத்த பிறகு "எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை, வாசிக்கவில்லை" என்று சொன்னால் அது எடுபடுவது கடினம்.

முதலில் தம்பியின் கணக்கைச் சொல்கிறேன், அப்புறம் ஏன் அப்படி வந்தது என்று பார்ப்போம்.

அவன் 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி சேர்ந்தான். மாதம் மாதமாகக் கட்டினால் 4,000, வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் 36,000, அதாவது மாதத்துக்கு 3,000 விழும். அவன் வருடத்துக்குக் கட்டினான். அவனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் இருக்கிறது, காலபோக அரிவு நேரத்தில் ஜிம்முக்குப் போக முடியாது என்பதால் பெப்ரவரி மாதத்தை ஃபிரீஸ் பண்ணினான். அதற்கு 500 ரூபாய் கட்டணம். ஃபிரீஸ் என்றால் அந்த ஒரு மாதம் போகாமல் இருந்துவிட்டு, அங்கத்துவம் முடிகிற திகதியை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளுவது. அவனுக்கு முடிவுத் திகதி செப்ரெம்பர் 30இல் இருந்து ஒக்டோபர் 31 ஆனது. சரி, இதுவரை பிரச்சினை இல்லை.

மே மாதக் கடைசியில் அவனுக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்தது. அப்போது அவன் உண்மையில் பாவித்தது ஏழு மாதம்: ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை நான்கு, மார்ச்சில் இருந்து மே வரை மூன்று. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, ஐந்தை 3,000ஆல் பெருக்கினால் 15,000. நாங்கள் எல்லோரும் மனதில் போடுகிற கணக்கு இதுதான்.

ஜிம் போட்ட கணக்கு வேறு. அவர்களுடைய விதியில், இடையில் விலகினால் "சேர்ந்த திகதியில் இருந்து கடந்த மாதங்களுக்கு" மாதக் கட்டண வீதப்படி கழிக்கப்படும் என்று இருந்தது. சேர்ந்த திகதியில் இருந்து மே முடிவு வரை நாட்காட்டியில் எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு 4,000 வீதம் 32,000. மிச்சம் 4,000. அதில் நிர்வாகச் செலவு என்று வருடக் கட்டணத்தின் 10 சதவீதம், 3,600, கழிந்தது. ஆக 400.

அவன் பெப்ரவரியில் ஒரு நாள்கூட அங்கே கால் வைக்கவில்லை, வைக்காமல் இருப்பதற்கு 500 ரூபாயும் கட்டியிருக்கிறான், ஆனாலும் அந்த மாதம் பாவித்த மாதமாகவே கணக்கில் ஏறியது. அந்த ஒரு மாதத்தை மட்டும் கழித்து ஏழு மாதம் என்று எடுத்திருந்தால் கூட 28,000 போக 8,000 மிஞ்சும், 3,600 போனாலும் 4,400 கையில் வந்திருக்கும். ஆக ஃபிரீஸ் அவனுக்கு 500 ரூபாய் செலவில்லை, 4,500 ரூபாய் செலவு.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஃபிரீஸ் விதி முடிவுத் திகதியை மட்டும்தான் நகர்த்துகிறது. காசு திருப்பித் தருகிற விதி முடிவுத் திகதியைப் பார்ப்பதே இல்லை, அது தொடக்கத் திகதியைப் பார்க்கிறது. இரண்டு விதியையும் தனித்தனியாக வாசித்தால் இரண்டும் நியாயமாகத்தான் தெரியும். ஒருவர் ஃபிரீஸ் எடுத்துவிட்டு பிறகு விலகும்போதுதான் இரண்டும் மோதும், அந்த மோதலில் எப்போதும் அங்கத்தவர் பக்கம்தான் நட்டம் விழும். படிவத்தில் "பாவித்த மாதங்கள்" என்று இருக்கிறதா "கடந்த மாதங்கள்" என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு சொல்தான், ஆனால் தம்பிக்கு அது 4,000 ரூபாய்.

ஜிம்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பக்கக் கணக்கும் எழுதியிருக்கிறேன். வருடக் கட்டணம் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவாக இருப்பது ஒருவர் பன்னிரண்டு மாதம் இருப்பார் என்ற நம்பிக்கையில். மூன்றாம் மாதம் ஒருவர் விலகி, மாதத்துக்கு 3,000 வீதம்தான் கழிக்க வேண்டும் என்று கேட்டால், மாதக் கட்டணம் கட்டுகிற மற்றவருக்கு அது அநியாயம். ஆகவே விலகுகிறவரிடம் மாத வீதத்தில் கழிப்பதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். கட்டடத்துக்கு வாடகை, ட்ரெட்மில்லுக்கு லீசிங் தவணை, மின்சாரக் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் அந்த முற்பணத்தில் இருந்துதான் ஓடுகிறது, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கக் கையில் காசும் இராது.

ஆனால் மாத வீதத்தில் கழிப்பதே விலகுவதற்கான தண்டனைதான், சலுகை முழுவதும் திரும்பிப் போய்விடுகிறது. அதற்கு மேல் முழு வருடக் கட்டணத்திலும் 10 சதவீதம் எடுப்பது அதே காரணத்துக்கு இரண்டாம் தரம் அறவிடுவது. மிச்சத் தொகையில் 10 சதவீதம் என்றால் ஒப்புக்கொள்ளலாம், பற்றுச்சீட்டு மாற்றுவது, வங்கிக்குப் போவது என்று வேலை இருக்கிறது. தம்பியின் கணக்கில் அது 3,600க்குப் பதிலாக 400 ஆக இருந்திருக்கும். இன்னொன்று: இந்த இரண்டும் சேர்ந்தால் எட்டாம் மாதத்துக்குப் பிறகு விலகுகிற யாருக்கும் ஒரு சதமும் வராது. ஒன்பது மாதத்துக்கு மாத வீதத்தில் 36,000 ஆகிவிடும், மிச்சம் பூச்சியம். "காசு திருப்பித் தரப்படும்" என்று படிவத்தில் எழுதியிருந்தாலும் வருடத்தின் கடைசி நான்கு மாதத்துக்கு அந்த வசனத்துக்குப் பொருள் இல்லை. சேர முன்னரே வருடக் கட்டணத்தை மாதக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள், அந்த மாதம் வந்தபின் விலகினால் எதுவும் கிடைக்காது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, 400 ரூபாயை வாங்காமல் வேறு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். படிவத்தில் அங்கத்துவத்தை இன்னொருவருக்கு மாற்றலாம் என்று ஒரு விதி இருந்தது, மாற்றுக் கட்டணம் 2,000, ஒரு தரம் மட்டும், அதுவும் அந்த ஜிம்மில் முன்பு அங்கத்தவராக இராத ஒருவருக்கு. தம்பியோடு வேலை செய்த ஒருவர் பரந்தனில் இருந்து வருகிறவர், ஐந்து மாதத்துக்கு 12,000 தருவதாகச் சொன்னார். மாற்றுக் கட்டணம் போக 10,000 தம்பிக்கு. 400க்கும் 10,000க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடையில் விலகுகிற பெரும்பாலானவர்களுக்குக் காசு திருப்பிக் கேட்பதை விட மாற்றிக் கொடுப்பதுதான் லாபம், காரணம் மாற்றும்போது நாட்கள் மாத வீதத்தில் கழிக்கப்படுவதில்லை, மிச்ச நாட்கள் அப்படியே போகும்.

கவுண்டரில் மாற்றுப் படிவம் நிரப்பும்போது அங்கே இருந்த பிள்ளை முடிவுத் திகதி என்ற கட்டத்தில் செப்ரெம்பர் 30 என்று எழுதினார். ஃபிரீஸ் பண்ணிய மாதம் முதல் அங்கத்தவருக்கு மட்டும் உரியது என்று விளக்கம். தம்பி பெப்ரவரியில் கட்டிய 500 ரூபாய்ப் பற்றுச்சீட்டை எடுத்து வைத்தான். அதில் புதிய முடிவுத் திகதி ஒக்டோபர் 31 என்று பேனையால் எழுதி, கீழே ஜிம்மின் சீல் குத்தியிருந்தது. மனேஜர் வந்து அதைப் பார்த்துவிட்டுக் கட்டத்தைத் திருத்திக் கொடுத்தார். அந்தச் சிறிய துண்டு இல்லாவிட்டால் 2,400 ரூபாய் போயிருக்கும். ஃபிரீஸ் எடுக்கிறவர்கள் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், புதிய முடிவுத் திகதியை எழுத்தில் வாங்குங்கள், கடைசிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

ஒக்டோபர் 1ஆம் திகதி காலை மன்னாரில் தம்பியின் போனுக்கு வங்கியில் இருந்து எஸ்எம்எஸ் வந்தது. 36,000 ரூபாய் கணக்கில் இருந்து கழிந்திருந்தது. பெயர் மாற்றப்பட்டுவிட்டது, வேறு ஆள் போய் உடற்பயிற்சி செய்கிறார், ஆனால் அட்டை தம்பியுடையதுதான். சேரும்போது வருடா வருடம் தானாகப் புதுப்பிக்க ஒப்புதல் என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறான், அப்படிப் போட்டவர்களுக்குச் சேரும் கட்டணம் இல்லை என்று சொன்னதால். மாற்றுப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் எல்லாம் மாற்ற இடம் இருந்தது, காசு எடுக்கிற அட்டையை மாற்றவோ நிறுத்தவோ ஒரு வரியும் இல்லை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கத்துவம் முடிவது ஒக்டோபர் 31. காசு எடுத்தது ஒக்டோபர் 1. ஃபிரீஸ் முடிவுத் திகதியைத் தள்ளியது, புதுப்பிக்கும் திகதியைத் தள்ளவில்லை. புதுப்பிக்கும் திகதி முதல் காசு எடுத்த நாளில் இருந்து ஒரு வருடம் என்று கணினியில் பதிந்து கிடக்கிறது. ஆக ஒருவர் தானே தொடர்ந்து போவதாக இருந்தாலும், ஃபிரீஸ் எடுத்தவர் தன் பழைய மாதம் மிச்சம் இருக்கும்போதே புதிய வருடத்துக்குக் காசு கட்டுகிறார். புதிய வருடம் ஒக்டோபர் 1இல் தொடங்குகிறதா நவம்பர் 1இல் தொடங்குகிறதா என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால் அந்த மிச்ச மாதம் சத்தமில்லாமல் கரைந்துவிடும். நிறுத்துவதாக இருந்தால் புதுப்பிக்கும் திகதிக்கு 30 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது இவர்களுடைய விதி. தம்பி ஒக்டோபர் 31ஐ மனதில் வைத்து செப்ரெம்பர் கடைசிக்குள் எழுதினால் போதும் என்று நினைத்திருந்தால்கூட ஒரு மாதம் பிந்தியிருப்பான்.

தானாகப் புதுப்பிக்கிற முறையில் காசு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. வங்கியில் நீங்களே எழுதிக் கொடுத்த நிலையியற் கட்டளை என்றால் அதை நீங்களே வங்கிக்குப் போய் நிறுத்தலாம், ஜிம்மைக் கேட்க வேண்டியதில்லை. அட்டை விவரத்தை ஜிம்மின் லிங்க் ஒன்றில் கொடுத்திருந்தால் காசு கேட்பது ஜிம்தான், அங்கே நிறுத்தினால்தான் முறையாக நிற்கும். அட்டையை முடக்கினாலும் காசு போவதுதான் நிற்கும், ஒப்பந்தம் நிற்காது, நிலுவை என்று கடிதம் வரலாம். ஆகவே இரண்டையும் செய்ய வேண்டும், முதலில் ஒப்பந்தத்தை எழுத்தில் முடிப்பது, பிறகு காசு போகும் வழியை அடைப்பது.

மக்கள் இதை ஏன் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2006இல் ஒரு அமெரிக்கப் பொருளியல் சஞ்சிகையில் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இருவர் மூன்று ஜிம்களின் வரவுப் பதிவுகளை வைத்து எழுதியது. மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் நான்கு தரம் சொச்சம்தான் போயிருக்கிறார்கள், ஒரு தரத்துக்கு 17 டொலருக்கு மேல் விழுந்திருக்கிறது, அதே இடத்தில் பத்துத் தரத்துக்கான அட்டை வாங்கியிருந்தால் தரத்துக்கு 10 டொலர்தான். தானாகப் புதுப்பிக்கிற அங்கத்துவம் எடுத்தவர்கள் கடைசியாகப் போன நாளுக்கும் நிறுத்திய நாளுக்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா காசு கட்டியிருக்கிறார்கள். சேரும்போது நாம் எத்தனை நாள் போவோம் என்று நினைப்பது ஒன்று, போவது இன்னொன்று. 2011இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஜிம் ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு வழக்கில் இதே இடத்தைத் தொட்டது, சாதாரண ஆட்கள் தாங்கள் ஜிம்முக்குப் போவதை மிகைப்படுத்தித்தான் கணக்குப் போடுவார்கள், அதை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் கட்டிப்போடுகிற ஒப்பந்தங்கள் நியாயமில்லை என்று.

நம் நாட்டில் ஜிம்முக்கென்று இப்படி ஒரு விதி இல்லை, சேர்ந்து சில நாளுக்குள் மனம் மாறினால் முழுக்காசும் திரும்ப வாங்குகிற உரிமையும் சட்டத்தில் எழுதப்படவில்லை. இருப்பது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். சேவைகளும் அதற்குள் வரும், ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வதை அது தடுக்கிறது, விசாரித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் அதிகார சபைக்கு முடியும். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தைத்தான் பலர் தவற விடுகிறார்கள், "அடுத்த கிழமை பாப்பம்" என்ற மனேஜரின் வார்த்தையை நம்பிக் காத்திருந்து. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நீதிமன்றம் போவதென்றால் இந்த அளவு காசுப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கமும் இருந்து பேசுவது. ஊருக்குள் ஒருவரையொருவர் தெரிந்த இடத்தில் அது நன்றாக வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

ரியூசன் நிலையங்கள், இங்கிலீஷ் வகுப்புகள், கணினிப் பயிற்சி நிலையங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மாதக் கட்டண ரியூசனில் அட்டை இல்லை, தானாகக் காசு போவதில்லை, ஆனால் பிள்ளை இரண்டு மாதம் வராமல் விட்டுத் திரும்பினால் அந்த இரண்டு மாதத்தையும் நிலுவை என்று கேட்பது அதே விசயம்தான். வெள்ளத்தால் வகுப்பே நடக்காத மாதத்துக்கும் கேட்டிருக்கிறார்கள். நிறுத்துவதாக இருந்தால் நிறுத்துகிற நாளில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பாடநெறி முழுவதற்கும் கட்டணம், தவணை முறையில் கட்டலாம் என்று வருவது வேறு வகை. அங்கே தவணை என்பது மாதக் கட்டணம் இல்லை, முழுத்தொகையும் முதல் நாளே கடன், இடையில் விட்டாலும் மிச்சத் தவணையைக் கேட்பார்கள்.

தம்பியின் 36,000க்கு வருகிறேன். ஜிம்முக்குப் போன் எடுத்தபோது "சிஸ்டம் தானாக எடுத்தது, அடுத்த வருடம் பாவிக்கலாம்" என்றார்கள். மன்னாரில் இருக்கிறவன் எப்படிப் பாவிப்பது. நான் அவனை போனில் பேசுவதை விடச் சொல்லிவிட்டு, ஒரு கடிதம் எழுதி அதைப் பதிவுத் தபாலிலும் அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வைத்தேன். கோபமாக ஒன்றும் எழுதவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"எனது அங்கத்துவம் ஜூன் 2ஆம் திகதி உங்கள் மாற்றுப் படிவத்தின்படி இன்னொருவர் பெயருக்கு மாற்றப்பட்டது, அதற்கான 2,000 ரூபாய்ப் பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அந்நாளில் இருந்து உங்களோடு எனக்கு அங்கத்துவம் எதுவும் இல்லை. இல்லாத அங்கத்துவத்தைப் புதுப்பிக்க ஒக்டோபர் 1ஆம் திகதி எனது அட்டையில் எடுத்த 36,000 ரூபாயை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும், எனது அட்டை விவரத்தை நீக்கிவிட்டதாக எழுத்தில் அறிவிக்கவும். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வேன்."

30 நாள் முன்னறிவிப்பு விதியைப் பற்றி வேண்டுமென்றே ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் அந்த விதி அங்கத்தவருக்கு உரியது, அவன் ஜூன் 2இல் இருந்து அங்கத்தவரே இல்லை. "பிந்திவிட்டேன், மன்னியுங்கள்" என்று தொடங்கியிருந்தால் தானே அந்த விதிக்குள் போய் விழுந்திருப்பான். கூடவே வங்கிக்கும் போய் இது தான் ஒப்புக்கொள்ளாத கழிவு என்று எழுதிக் கொடுத்தான், அவர்கள் முதலில் நிலையத்தோடு பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் வாருங்கள் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் காசு வந்தது, முழுவதும். அட்டையை நீக்கிவிட்டோம் என்ற பதில் மட்டும் வரவில்லை, இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் ஒரு வரியில் அனுப்பினார்கள். அங்கத்துவத்தை வாங்கிய பரந்தன்காரர் ஒக்டோபர் 31 வரை போய் முடித்துவிட்டு, நவம்பரில் இருந்து 4,000 கட்டி மாதக் கணக்கில் போகிறார். வருடத்துக்குக் கட்டினால் குறைவு என்று கவுண்டரில் சொன்னார்களாம், பெப்ரவரியில் அவருக்கும் அரிவு இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்.